பள்ளித் தோட்டத்தில் எழுபது நாள் வெண்டைப் பாடம்

உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் தோட்டம் போடுவதாகச் சொல்லி உங்கள் பிள்ளை ஒரு கூடை தொழுஎரு கேட்டு வந்து நிற்கலாம். ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளில் தோட்டத்தைப் பாடமாக நடத்தும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கென மத்திய அரசு 2019-ஆம் ஆண்டில் வழிகாட்டுதல்களும் வெளியிட்டுள்ளது. ஆனால் ஜூன் மாதம் கொத்திய பாத்தி ஆகஸ்டில் காய்ந்து கிடப்பதையும் நாம் பார்க்கிறோம். பெரும்பாலும் இதற்குக் காரணம் மண்ணோ விதையோ அல்ல. எந்த நாளில் எது முடிய வேண்டும், அதை எந்தப் பிள்ளை செய்ய வேண்டும், சனி ஞாயிறில் தண்ணீர் யார் ஊற்றுவது என்ற மூன்றும் முதலிலேயே முடிவாகாமல் போவதுதான்.

ஒரு சென்ட் இடத்தில், 24 பிள்ளைகளைக் கொண்டு, எழுபது நாளில் நடத்தக்கூடிய ஒரு திட்டத்தை இக்கட்டுரை விளக்குகிறது. பயிர் வெண்டை ஒன்றுதான். பிள்ளைகள் விடை தேடும் கேள்வியும் ஒன்றுதான்: மூடாக்குப் போட்ட பாத்திக்கும் போடாத பாத்திக்கும் தண்ணீர்ச் செலவில் எவ்வளவு வித்தியாசம்? இது உங்கள் வயலுக்கும் உரிய கேள்வி. ஆகவே கண்காட்சி நாளன்று நீங்கள் பாராட்ட மட்டும் போக வேண்டியதில்லை, விடையைக் கேட்டுக்கொள்ளவும் போகலாம்.

கண்காட்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுக

முதலில் குறிக்க வேண்டியது விதைப்பு நாளை அல்ல, குடும்பத்தார் வந்து பார்க்கும் நாளை. செப்டம்பர் 5, ஆசிரியர் நாள், இதற்கு ஏற்றது. காலாண்டுத் தேர்வின் நெருக்கடி தொடங்குமுன் முடிந்துவிடும். அந்த நாள் உங்கள் பகுதியில் நடவு வேலையோடு மோதினால் சில நாள் முன்பின்னாக மாற்றிக் கொள்ளலாம்.

வெண்டை விதைத்த 45-ஆம் நாள் வாக்கில் முதல் பறிப்புக்கு வரும். கண்காட்சிக்கு வருவோர் முழுக் காய்ப்பில் செடியைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு பறிப்புகளின் எடையும் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். ஆகவே செப்டம்பர் 5-லிருந்து 70 நாள் பின்னோக்கி எண்ணினால் ஜூன் 27 வருகிறது. அதுவே விதைப்பு நாள். முதல் பறிப்பு ஆகஸ்ட் 11 வாக்கில் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தால் கண்காட்சிக்குள் பன்னிரண்டு பறிப்பு கிடைக்கும். பள்ளி திறந்தது முதல் ஜூன் 26 வரையுள்ள நாட்கள் நிலம் தயாரிக்கவும் விதையைச் சோதிக்கவும் ஆகும்.

விதைப்பு இரண்டு வாரம் தள்ளிப்போனால் கண்காட்சிக்குள் ஏறக்குறைய பாதிப் பறிப்புதான் கிடைக்கும், கணக்கு போதாது. அப்படித் தள்ளிப்போனால் கண்காட்சியையும் அதே அளவு தள்ளி வைப்பதே சரி.

நிலமும் தண்ணீரும்

எட்டுப் பாத்திகள் வேண்டும். ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். வரிசைக்கு இரண்டாக நான்கு வரிசையில் அமைத்து, நடுவில் 60 செ.மீ. நடைபாதையும், வரிசைகளுக்கிடையே 45 செ.மீ. பாதையும் விட்டால் மொத்த இடம் ஏறக்குறைய ஒரு சென்ட் ஆகும். பாத்தி 1.2 மீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் பிள்ளைகளின் கை நடுவரை எட்டாது; பாத்திக்குள் மிதித்துவிடுவார்கள்.

கெட்டித் தரையை முதன்முறை கொத்துவது பிள்ளைகளின் வேலையன்று. அதைப் பெரியவர்கள் ஒரு காலைப் பொழுதில் செய்து கொடுத்துவிட வேண்டும். கட்டி உடைப்பது, கயிறு கட்டி அளப்பது, எரு இடுவது ஆகியவை பிள்ளைகளுக்கு உரியவை. எக்டருக்கு 25 டன் தொழுஎரு என்ற அளவு சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ ஆகிறது. பாத்தியின் பரப்பு 3.6 சதுர மீட்டர் என்பதால் ஒரு பாத்திக்கு 9 கிலோ வேண்டும். இந்தப் பெருக்கலைப் பிள்ளைகளே போட்டு, கூடையைத் தராசில் நிறுத்து, எட்டுப் பாத்திக்கும் ஒரே அளவாக இட வேண்டும். எரு நன்கு மக்கியதாக இருக்கட்டும். பச்சைச் சாணம் கரையானை வரவழைக்கும்.

தண்ணீர்க் கணக்கை இடத்தைக் கொத்துமுன்பே பார்த்துவிட வேண்டும். ஒரு பாத்திக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டர் குடம் நான்கு தேவை. எட்டுப் பாத்திக்கும் சேர்த்து 32 குடம், அதாவது 320 லிட்டர். மழை இல்லாத நாட்களில் மூடாக்கில்லாத பாத்திகளுக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இந்த அளவு வேண்டியிருக்கும். பள்ளிக் குழாயிலோ அடிபம்பிலோ இது கிடைக்காது என்று தெரிந்தால் எட்டுப் பாத்தியை நான்காகக் குறைத்துவிடுங்கள். நான்கு பாத்தி நன்றாக விளைவது எட்டுப் பாத்தி வாடுவதை விட மேல். சிறு பிள்ளைகள் நிறைகுடம் தூக்க வேண்டாம். 5 லிட்டர் வாளியில் இரண்டு நடை வந்தால் ஒரு குடம் என்று எண்ணிக் கொள்ளலாம்.

குழுவும் முறை மாற்றமும்

24 பிள்ளைகளை ஆறு ஆறு பேராக நான்கு குழுவாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் அருகருகே உள்ள ஒரு சோடிப் பாத்தி. சோடியில் எதற்கு மூடாக்கு, எதற்கு இல்லை என்பதைக் காசு சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும். குழுவே தேர்ந்தெடுத்தால் நல்ல மண்ணாகத் தெரிவதற்கு மூடாக்குப் போடத் தோன்றும். ஒரு பக்கம் மரநிழல் விழலாம், ஒரு மூலையில் மண் ஆழமாக இருக்கலாம். நான்கு சோடிகள் இருப்பதற்குக் காரணமும் இதுவே. ஒரு சோடியில் தெரியும் வித்தியாசம் இடத்தால் வந்திருக்கலாம். நான்கு சோடியிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது மூடாக்கால் வந்தது என்று நம்பலாம்.

குழுவில் உள்ள ஆறு பேரில் இருவர் தண்ணீர், இருவர் செடி, இருவர் குறிப்பேடு. வாரந்தோறும் வேலை மாற வேண்டும். மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். எழுபது நாளில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வேலையையும் மூன்று தடவை செய்திருக்கும். இந்த மாற்றத்தை விட்டால் பையன்கள் கையில் மண்வெட்டியும், பெண் பிள்ளைகள் கையில் துடைப்பமும் குறிப்பேடும் நிலைத்துவிடும். யார் குடத்தைத் தொடுவது என்ற ஊர்ப் பேச்சும் உள்ளே நுழையும். முறைப்பட்டியலைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் இதற்கு இடமில்லை. வகுப்பில் தவறு செய்த பிள்ளைக்குத் தண்டனையாகக் களை எடுக்கச் சொல்வதும் கூடாது. அதைக் கண்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்கள் தயங்காமல் கேட்கலாம். அக்குழுவில் பெரும்பான்மையோர் பெற்றோர்களே.

முதல் கட்டம்: விதைச் சோதனை

விதைப்புக்குப் பத்து நாள் முன்பு இதைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் 20 விதையை எண்ணி, ஈரத்துணியில் வைத்துச் சுருட்டி, நாள்தோறும் நனைத்து, ஏழாம் நாள் பிரித்து எண்ண வேண்டும். 17 முளைத்திருந்தால் முளைப்புத் திறன் 85 சதம். சான்று பெற்ற வெண்டை விதைக்குக் குறைந்தது 65 சதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் விதையை மாற்ற இன்னும் மூன்று நாள் கையில் இருக்கும்.

விதை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவும். சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறிய விதை பூசண மருந்து கலந்தது. அது பிள்ளைகளின் கைக்கு ஆகாது. மருந்து கலக்காத விதையாகக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். எட்டுப் பாத்திக்கும் சேர்த்து 50 கிராம் போதும். மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கும் அர்கா அனாமிகா போன்ற இரகம் கிடைத்தால் நல்லது.

இரண்டாம் கட்டம்: விதைப்பு

விதையை முந்திய இரவு தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். பாத்தியின் நீளவாக்கில் மூன்று வரிசை, வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. வரிசைக்குப் பத்து என்று ஒரு பாத்திக்கு 30 குழி கிடைக்கும். குழிக்கு இரண்டு விதை, விரலின் முதல் கணு ஆழத்தில் போட்டு மூட வேண்டும். எட்டுப் பாத்தியிலும் ஒரே நாளில் விதைத்தால்தான் ஒப்பிட முடியும்.

நான்கு முதல் ஏழு நாளில் முளை தெரியும். எந்தக் குழியில் வந்தது, எதில் வரவில்லை என்று பாத்தியின் படம் வரைந்து குறிக்க வேண்டும். பத்தாம் நாளுக்குள் வெற்றுக் குழிகளில் மறுபடி விதைத்துவிடலாம். முதல் பதினைந்து நாளும் எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு தண்ணீர்தான்.

மூன்றாம் கட்டம்: மூடாக்கு

பதினைந்தாம் நாள், செடி ஒரு சாண் வளர்ந்ததும், குழிக்கு ஒரு செடி நிறுத்தி மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். அன்றே, காசு சுண்டி முடிவான பாத்திகளுக்கு மூடாக்கு இட வேண்டும். கரும்புச் சோகை, காய்ந்த இலைச் சருகு, நிலக்கடலைத் தோல் ஆகியவற்றில் எது ஊரில் கிடைக்கிறதோ அது போதும். நான்கு பாத்திக்கும் ஒரே பொருளாக இருக்கட்டும். சோகையானால் பாத்திக்கு 2 கிலோ அளவு வேண்டும். ஏறக்குறைய 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட வேண்டும். தண்டை ஒட்டிப் போட்டால் தொடர்மழையில் தண்டு அழுகும். மூடாக்கில் கைவிடுமுன் ஒரு குச்சியால் கிளறிப் பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். தேள், பூரான் அதனடியில் தங்கும்.

இந்த நாளிலிருந்துதான் உண்மையான கணக்குத் தொடங்குகிறது. ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் ஒரு தகர டப்பா. ஒரு குடம் ஊற்றினால் ஒரு கூழாங்கல் உள்ளே. குறிப்பேட்டில் எழுத மறந்தாலும் கல் மறக்காது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கண்காட்சியன்று இரண்டு கற்குவியலைப் பார்த்து விடையைப் புரிந்துகொள்வாள்.

எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பதுதான் இத்திட்டத்தின் உயிர். நாள் பார்த்து ஊற்றக் கூடாது, மண் பார்த்து ஊற்ற வேண்டும். செடிக்கும் செடிக்கும் நடுவே ஒரு விரல் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். உருண்டை நின்றால் ஊற்ற வேண்டாம். உதிர்ந்தால் நான்கு குடம் ஊற்றலாம். மணற்பாங்கான மண்ணில் உருண்டை நிற்காது. அங்கே உள்ளங்கையில் ஈரம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பாத்திக்கும் தனித்தனியே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். முறை வந்துவிட்டது என்பதற்காக இரண்டுக்கும் சேர்த்து ஊற்றிவிட்டால் எழுபது நாள் உழைத்தும் இரண்டு டப்பாவிலும் ஒரே எண்ணிக்கைதான் இருக்கும். அடியிலைகள் மஞ்சளாகி, மண்மேல் பாசி படர்ந்தால் அப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

சனி, ஞாயிறு, ஆகஸ்ட் 15 போன்ற விடுமுறை நாட்களுக்குப் பள்ளியருகே வீடுள்ள பிள்ளைகளையும், கூட ஒரு பெற்றோரையும் முறை வைத்து எழுதிவிட வேண்டும். நீங்கள் உதவக்கூடிய முக்கியமான இடம் இதுவே. அங்கேயும் மண்ணைப் பார்த்து முடிவு செய்வதும் கல் போடுவதும் பிள்ளையாகவே இருக்கட்டும்.

நான்காம் கட்டம்: பறிப்பும் நோயும்

பூ விரிந்த ஆறு ஏழு நாளில் காயைப் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. முற்றிய காயைச் செடியில் விட்டால் அடுத்த பூ குறையும். பறித்ததைப் பாத்தி வாரியாகச் சத்துணவுக் கூடத் தராசில் நிறுத்து எழுதிய பிறகே கூடத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரு பறிப்பில் எட்டுப் பாத்தியிலும் சேர்த்து ஒன்றரை முதல் 2 கிலோ வரலாம். இது அன்றைய சாம்பாரில் சேருமே தவிர, கூடத்தின் காய்கறித் தேவையைத் தீர்க்காது. அதை எதிர்பார்த்தும் இத்தோட்டம் போடப்படவில்லை.

இலையின் நரம்புகள் வலைபோல் மஞ்சளாகத் தெரிந்தால் அது தேமல் நோய். வெள்ளை ஈ இதைப் பரப்புகிறது. அந்தச் செடியை அன்றே பிடுங்கிப் புதைத்து, பாத்திப் படத்தில் குறிக்க வேண்டும். மஞ்சள் வண்ணம் பூசிய தகரத்தில் விளக்கெண்ணெய் தடவிப் பாத்தியருகே நட்டால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். இதைப் பிள்ளைகளே செய்யலாம். துளை விழுந்த காயைப் புழுவோடு சேகரித்து அழிக்க வேண்டும். பள்ளித் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது. உங்கள் வீட்டில் மிஞ்சிய மருந்தை நல்லெண்ணத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டாம்.

ஒரு குழுவின் கணக்கு

கணக்கை எப்படிப் படிப்பது என்பதை விளக்க, ஒரு குழுவின் ஏடு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூடாக்கிட்ட நாளிலிருந்து கண்காட்சிக்கு முந்திய நாள் வரை, திறந்த பாத்திக்கு 20 தடவை தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்: 80 குடம், 800 லிட்டர். மூடாக்குப் பாத்திக்கு 14 தடவை: 56 குடம், 560 லிட்டர். மிச்சம் 24 குடம், நூற்றுக்கு முப்பது. காய் திறந்த பாத்தியில் 2.6 கிலோ, மூடாக்குப் பாத்தியில் 2.8 கிலோ. ஒரு கிலோ காய்க்குத் திறந்த பாத்தி ஏறக்குறைய 308 லிட்டர் குடித்திருக்கிறது. மூடாக்குப் பாத்தி 200 லிட்டர்.

இங்கே பிள்ளைகள் அவசரப்பட்டு, மூடாக்கு விளைச்சலைக் கூட்டியது என்று எழுதிவிடுவார்கள். ஆசிரியர் மற்ற மூன்று குழுவின் ஏடுகளையும் பக்கத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். நான்கு சோடியிலும் தண்ணீர் குறைந்திருந்து, காய் மட்டும் இரண்டில் கூடி இரண்டில் குறைந்திருந்தால், தண்ணீர் மிச்சம் என்று மட்டுமே சொல்லலாம். விளைச்சல் கூடியது என்று சொல்ல முடியாது. நோயில் செடி இழந்த பாத்தி இருந்தால் மொத்த எடையை மீதியுள்ள செடி எண்ணிக்கையால் வகுத்து, செடிக்கு இத்தனை கிராம் என்று ஒப்பிட வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டில் இரண்டு டப்பாவிலும் கல் ஏறக்குறைய சமமாகவே இருக்கலாம். அதுவும் விடைதான்.

கண்காட்சி நாள்

கண்காட்சியை மேடையில் வைக்காமல் தோட்டத்திலேயே வைக்க வேண்டும். மாலை வேலை முடிந்து நீங்கள் வரும் நேரம் ஏற்றது. ஒவ்வொரு குழுவும் தன் சோடிப் பாத்தியருகே நிற்கும். வருபவர் முதலில் எது எத்தனை குடம் குடித்திருக்கும் என்று தம் மதிப்பைச் சொல்ல வேண்டும். அதன் பிறகே பிள்ளைகள் டப்பாவைக் கவிழ்த்துக் கல்லைக் காட்டுவார்கள். பிறகு மூடாக்கை விலக்கி மண்ணைத் தொடச் சொல்வார்கள். இரண்டு பாத்தியிலிருந்தும் ஒவ்வொரு செடியை வேரோடு தோண்டிப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். செத்த செடிகளைக் குறித்த பாத்திப் படமும் அங்கே இருக்க வேண்டும். அதை மறைக்கச் சொல்லாதீர்கள். ஆறு பேரும் ஆளுக்கு ஒன்றாவது பேச வேண்டும்.

நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். "சோகையில் கரையான் ஏறவில்லையா?" "வைக்கோலைப் பரப்பினால் மாட்டுக்கு என்ன போடுவது?" "என் ஒரு ஏக்கருக்கு எத்தனை மிச்சமாகும்?" என்றெல்லாம் கேளுங்கள். கரையான் எந்தப் பாத்தியில் எந்தத் தேதியில் கண்டது என்பது ஏட்டில் இருக்கும். வைக்கோலைத் தொடாமல் சோகையையும் சருகையும் எடுத்ததற்கு அவர்கள் காரணம் சொல்வார்கள். ஏக்கர்க் கணக்குக்கு மட்டும், "குடத்தில் ஊற்றியதை வைத்து வாய்க்கால் பாசனத்துக்குச் சொல்ல முடியாது" என்ற பதில்தான் சரியான பதில். அப்படிச் சொல்லும் பிள்ளையை மடக்காதீர்கள். தான் அளந்தது எதுவரை செல்லும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. வேண்டுமானால் உங்கள் வயலில் ஒரு பாத்தியில் மூடாக்கிட்டு, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் கேட்கிறது என்று அந்தப் பிள்ளையையே குறிக்கச் சொல்லலாம்.

கண்காட்சி முடிந்த பின்னும் செடி இன்னும் சில வாரம் காய்க்கும். காலாண்டு விடுமுறையில் யார் பறிப்பது, யார் நீர் விடுவது என்பதை அன்று மாலையே, எல்லோரும் கூடியிருக்கும்போது எழுதி முடித்துவிடுங்கள். காய்ப்பு ஓய்ந்ததும் செடியையும் மூடாக்கையும் அதே பள்ளியில் ஒரு குழியில் போட்டு மக்க வைத்தால், அடுத்த ஜூனில் பிள்ளைகள் கேட்டு வரும் எருக் கூடைகளில் சில குறையும்.